சம்பளம் கூடிச்சு, ஆனா மணிக்கணக்குல பாத்தா குறைஞ்ச மாதிரி இருக்கே? (டர்பன், அக்கவுண்ட்ஸ் வேலை)

கடலோரத்துப்பொண்ணு
11 நவம்பர் 2025, இரவு 9.52

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம், கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நான் டர்பன்ல ஒரு சின்ன அக்கவுண்டிங் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். காலைல ஏழரைல இருந்து சாயந்தரம் அஞ்சரை, நடுவுல ஒரு மணி நேரம் லஞ்ச், திங்கள் முதல் வெள்ளி. அதாவது வாரத்துக்கு 45 மணி நேரம், கான்ட்ராக்ட்லயும் அதான் இருக்கு. ஆனா அஞ்சரைக்கு நான் கிளம்பி ரெண்டு வருஷம் ஆச்சு. திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் ஏழரை ஆயிடும், சனிக்கிழமை காலைல வீட்ல லேப்டாப்ப திறந்து ஒரு ரெண்டு மணி நேரம் கிளையண்ட் பேப்பர் பாப்பேன். மாசம் 7ஆம் தேதிக்குள்ள எல்லா கிளையண்டுக்கும் பேயி, அதாவது சம்பளத்துல பிடிச்ச வரி, அதோட ரிட்டர்ன் போகணும், அப்புறம் வாட், ஆகஸ்ட் கடைசில ப்ரொவிஷனல் டேக்ஸ், இப்படி ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு வந்துகிட்டே இருக்கும். சராசரியா வாரம் 10 மணி நேரம் எக்ஸ்ட்ரான்னு வச்சுக்கங்க.

மார்ச்ல இருந்து சம்பளம் 20,800 ராண்ட். செப்டம்பர்ல கூப்பிட்டு பாராட்டி 22,500 ஆக்கினாங்க. சந்தோஷமாதான் இருந்துச்சு. ஓவர்டைம்னு ஒரு ராண்ட் கூட இதுவரைக்கும் வாங்கினது இல்ல, "நீங்க மந்த்லி ஸ்டாஃப், சேலரிலயே எல்லாம் அடக்கம்"னு கான்ட்ராக்ட்லயே ஒரு வரி போட்டிருக்காங்க. போன வாரம் எங்க ஆபீஸ்க்கு கீழ செக்யூரிட்டி வேலை பாக்குற அண்ணன் தன் பே ஸ்லிப்ப காட்டி ஓவர்டைம் சரியா போட்டிருக்காங்களானு பாக்கச் சொன்னார். அதுல ஆர்டினரி அவர்ஸ், ஓவர்டைம் அவர்ஸ், ரேட்டுனு தனித்தனியா இருந்துச்சு. அதை பாத்ததுக்கு அப்புறம்தான் என் மணிக்கூலி உண்மையிலேயே எவ்வளவுனு தோணுச்சு. எப்படி கணக்கு போடணும்?

---

ஜோபர்க்_குமார்
11 நவம்பர் 2025, இரவு 10.20

தங்கச்சி, மாச சம்பளம்னா ஓவர்டைம் கிடையாது, அதான் ரூல். ஓவர்டைம் எல்லாம் மணிக்கூலிக்கு வேலை பாக்குறவங்களுக்கு மட்டும்தான். நான் ஐடில இருக்கேன், சென்னை டீம் காலைல 9 மணிக்கு ஆரம்பிச்சா எனக்கு இங்க விடியகாலை அஞ்சரை, அப்ப மீட்டிங். மாசம் 62,000 வாங்குறேன், வாரம் 60 மணி நேரம் போகுது. கேட்டா "யூ ஆர் சேலரீட்"னுதான் பதில்.

கணக்கு சுலபம்தான். வார மணி நேரத்த 4.333ஆல பெருக்கு, அது மாச மணி நேரம். சம்பளத்த அதால வகு. எனக்கு பேப்பர்ல 195 மணி நேரம், மணிக்கு 318 ராண்ட். நெசமா 260 மணி நேரம், அப்ப 238தான். உனக்கு 55 மணி நேரம்னா மாசம் 238.33 மணி, 22,500 வகுத்தா 94.41 வரும். பேப்பர்ல 115.38.

---

பிரிட்டோரியா_செல்வம்
11 நவம்பர் 2025, இரவு 10.41

2025 மார்ச்ல இருந்து மினிமம் வேஜ் மணிக்கு 28.79 தான். நீங்க 94 வாங்குறீங்க. அப்புறம் என்ன பிரச்சனை, சட்டத்துக்கு மேலதானே இருக்கு?

---

கடலோரத்துப்பொண்ணு
11 நவம்பர் 2025, இரவு 10.50

அண்ணா நான் மினிமம் வேஜ் பத்தி கேக்கலையே, வேலை செஞ்ச நேரத்துக்கு காசு வருதானுதான் கேட்டேன்.

---

பேரோல்_ராணி
12 நவம்பர் 2025, காலை 6.15

எல்லாத்தையும் படிச்சேன். நான் 18 வருஷம் பேரோல்ல இருந்தவ, இப்ப ரிட்டயர் ஆகி உம்லாங்கா பக்கம் இருக்கேன். குமார் போட்ட கணக்கு சரி, சொன்ன ரூல் தப்பு. இந்த தப்புதான் இந்த ஊர்ல ஆபீஸ் வேலை பாக்குற பாதி பேர் தலைல இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

சட்டம் மாச சம்பளமா மணிக்கூலியானு பாக்குறதே இல்ல. 1997ஆம் வருஷத்து பேஸிக் கண்டிஷன்ஸ் ஆஃப் எம்ப்ளாய்மென்ட் ஆக்ட் பாக்குறது வருஷ வருமானத்த. அதுக்கு ஒரு கோடு போட்டிருக்காங்க, த்ரெஷோல்டுனு சொல்லுவோம், அடிக்கடி ஏத்துவாங்க. 1 ஏப்ரல் 2025ல இருந்து அது 2,61,748.45 ராண்ட், பன்னெண்டால வகுத்தா மாசம் 21,812.37. அதுக்கு முன்னால இருந்த கோடு 2,54,371.67, மாசத்துக்கு 21,198 பக்கம். கோட்டுக்கு கீழ இருந்தா வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை, அதுக்கு மேல போனா ஓவர்டைம், ஒண்ணரை மடங்கு. கோட்டுக்கு மேல போயிட்டா இந்த 45, ஒண்ணரை மடங்கு, ஞாயித்துக்கிழமை கூலி, லஞ்ச் பிரேக் எதுவுமே சட்டப்படி கட்டாயம் இல்ல, கான்ட்ராக்ட்ல என்ன எழுதியிருக்கோ அதான்.

குமாரு, நீங்க வருஷத்துக்கு 7 லட்சத்துக்கு மேல வாங்குறீங்க, அதனால உங்களுக்கு இல்ல. நீங்க மாச சம்பளம்கிறதால இல்ல.

இப்ப பாப்பா விஷயம். மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் 20,800. பழைய கோடு, புது கோடு ரெண்டுக்குமே கீழ. அந்த ஆறு மாசமும் உனக்கு ஓவர்டைம் உண்டு, கான்ட்ராக்ட்ல "அடக்கம்"னு நூறு தடவை எழுதியிருந்தாலும் உண்டு, ஏன்னா சட்டம் குடுக்குறத கான்ட்ராக்ட் எடுத்துக்க முடியாது. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. ஓவர்டைம் பாக்குறதே ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான். வேலைக்கு சேரும்போது கையெழுத்து போட்ட ஓவர்டைம் ஒப்பந்தம் ஒரு வருஷத்தோட காலாவதி ஆயிடும். நீ சேந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுனா உன்னை இருக்கச் சொல்லவே புது ஒப்பந்தம் வேணும்.

ரேட் இப்படி. 20,800ஐ 195ஆல வகுத்தா 106.67, ஒண்ணரை மடங்கு 160. வாரம் 10 மணினா மாசத்துக்கு 43.33 மணி, 6,933 ராண்ட். வாரம் 45 மணி நேர வேலைல பத்து மணி ஓவர்டைம் பாத்தா சம்பளத்துல சரியா மூணுல ஒரு பங்கு கூட வரும், மனசுலயே போட்டுக்கலாம். ஆக சட்டப்படி உனக்கு வந்திருக்க வேண்டியது மாசம் 27,733, வந்தது 20,800.

அதனால உன் செப்டம்பர் இன்க்ரிமென்ட்ட இப்படி பாரு. 1,700 ராண்ட் குடுத்து உன்னை கோட்டுக்கு மேல தூக்கி விட்டுட்டாங்க, 6,933 ராண்ட் கேக்குற உரிமை போச்சு. இதே பத்து மணி நேரத்த தொடர்ந்து பாக்கறதுனா 27,733க்கு கீழ எந்த சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டாலும் நஷ்டம் உனக்குத்தான். அவங்க தெரிஞ்சு செஞ்சாங்களா தெரியாம செஞ்சாங்களானு நான் சொல்ல முடியாது. நான் வேலை பாத்த இடத்துல ஒரு வருஷம் கோடு ஏறினதும் அதுக்கு கொஞ்சம் மேல நிக்கிற மாதிரி நாலு பேர் சம்பளத்த ஒரே நாள்ல மாத்தினத நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். அது எனக்கு இன்னிக்கும் உறுத்துது.

---

ஜோபர்க்_குமார்
12 நவம்பர் 2025, காலை 7.05

அக்கா எனக்கு இது நெசமாவே தெரியாது. பத்து வருஷமா இங்க இருக்கேன். திருத்தினதுக்கு நன்றி. ஆனா ஒரு சந்தேகம், அவங்கள யாரும் இருக்கச் சொல்லி எழுத்துல குடுக்கலையே, "நாங்க சொல்லல, அவளாத்தான் இருந்தா"னு சொல்லிட்டா?

---

பேரோல்_ராணி
12 நவம்பர் 2025, காலை 7.30

அதத்தான் முதல்ல சொல்லுவாங்க. நீ வேலை செஞ்சது அவங்களுக்கு தெரியும்னு காட்டணும். ராத்திரி ஏழு மணிக்கு பாஸ் அனுப்பின மெயில், அதுக்கு நீ அனுப்பின பதில், ஈஃபைலிங்ல ரிட்டர்ன் போன நேரம், கடைசியா போறவங்க அலாரம் போடுறீங்கன்னா அதோட நேரம். ஒவ்வொண்ணும் தனியா பாத்தா சின்னது, ஒரே தேதிக்கு ரெண்டு மூணு சேந்தா பேசும். வேலை நேரத்த பதிவு பண்ணி மூணு வருஷம் வச்சிருக்கிறது முதலாளியோட கடமை, உன்னோடது இல்ல. அவங்ககிட்ட பதிவு இல்லைனா நீ எழுதி வச்சதுக்கு மதிப்பு கூடும்.

---

சாட்ஸ்வொர்த்_ஆயா
12 நவம்பர் 2025, பகல் 12.48

வணக்கம். நான் இங்கயே பொறந்தவ, தமிழ் சாயந்தரப் பள்ளிக்கூடத்துல படிச்சது, பிழை இருந்தா பொறுத்துக்கங்க. எங்க அம்மா துணி ஃபேக்டரில மெஷின் ஓட்டினாங்க. வாசல்ல ஒரு கடியாரப் பெட்டி இருக்கும், அட்டைய உள்ள விட்டா டக்குனு நேரம் அடிக்கும். அம்மா வெள்ளிக்கிழமை அந்த அட்டைல இருக்கிற நேரத்தையும் கூலிக் கவரையும் சமையல் மேசை மேல பக்கத்துல பக்கத்துல வச்சு விரல் விட்டு எண்ணுவாங்க, கால் மணி நேரம் விட்டுப்போனாலும் திங்கக்கிழமை போய் கேப்பாங்க. என் மகள் பேங்க்ல இருக்கா, படிச்சவ, ராத்திரி எட்டு மணிக்கு வர்றா, அவகிட்ட எண்ணிப் பாக்க ஒரு அட்டை இல்ல. அதனால இந்தப் பொண்ணு கேட்டது எனக்கு ரொம்ப சரியா படுது.

மகளே, நீ நேரத்த எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?

---

கடலோரத்துப்பொண்ணு
12 நவம்பர் 2025, இரவு 8.35

ஆயா, எழுதி வச்சிருக்கேன், ஆனா இதுக்காக இல்ல. எங்க வீட்டுக்காரர் என்னை கூட்டிட்டு போக வருவார், அதுக்கு "கிளம்பிட்டேன்"னு தினமும் மெசேஜ் போடுவேன். ரெண்டு வருஷத்து மெசேஜ் அப்படியே இருக்கு. அலாரமும் பெரும்பாலும் நான்தான் போடுறது.

ராணி அக்கா, உங்க பதில படிச்சதுல இருந்து இன்னிக்கு வேலையே ஓடல. 27,733ங்கிற நம்பர்தான் கண்ணு முன்னாடி நிக்குது. செப்டம்பர்ல இருந்து எனக்கு ஒண்ணுமே இல்லனு ஆயிடுச்சுல்ல?

---

பேரோல்_ராணி
12 நவம்பர் 2025, இரவு 8.58

அவசரப்படாத. உன் அக்டோபர் பே ஸ்லிப்ல இருக்கிற வரிய அப்படியே இங்க எழுது. பேர், ஆபீஸ் எதுவும் வேணாம், தொகை மட்டும்.

---

கடலோரத்துப்பொண்ணு
12 நவம்பர் 2025, இரவு 9.10

பேஸிக் 21,000
டிராவல் அலவன்ஸ் 1,500
மொத்தம் 22,500
அப்புறம் பேயி, யூஐஎஃப், ப்ராவிடன்ட் ஃபண்ட் பிடிச்சது. கம்பெனி பங்கு ப்ராவிடன்ட் ஃபண்டுக்கு தனியா கீழ காட்டியிருக்கு.

மணி நேரம்னு எந்த வரியும் இல்ல.

---

பேரோல்_ராணி
12 நவம்பர் 2025, இரவு 9.40

இதத்தான் பாக்கணும்னு நினைச்சேன். காலைல நான் அவசரப்பட்டு "கோட்டுக்கு மேல போயிட்ட"னு எழுதிட்டேன், அத திருத்திக்கிறேன்.

அந்தக் கோட்டுக்கு எத வருமானம்னு எடுக்கணும்னு அமைச்சர் போட்ட அறிவிப்புலயே சொல்லியிருக்காங்க. வரி, பென்ஷன், மெடிக்கல் எல்லாம் பிடிக்கிறதுக்கு முன்னால வர்ற வழக்கமான வருஷ சம்பளம். அதுல கம்பெனி தன் பங்கா கட்டுற ப்ராவிடன்ட் ஃபண்ட் சேராது. போக்குவரத்து அலவன்ஸ், வெளியூர் சாப்பாட்டு செலவு மாதிரி குடுக்குறது, சாதனைக்கு குடுக்குற பரிசுத் தொகை, ஓவர்டைம் காசு, இதுவும் சேராது.

அப்ப உன் கணக்கு 21,000 பெருக்கல் 12, 2,52,000. கோடு 2,61,748. நீ இன்னும் கீழதான் இருக்க. செப்டம்பர்ல இருந்தும் உனக்கு ஓவர்டைம் உண்டு. 21,000ஐ 195ஆல வகுத்து ஒண்ணரை மடங்கு போட்டா மணிக்கு 161.54, வாரம் பத்து மணினா மாசம் 7,000. அலவன்ஸோட சேத்து மொத்தம் 29,500 வந்திருக்கணும், 238.33 மணி நேரத்துக்கு மணிக்கு 123.78. இப்ப வர்றது 94.41. மணிக்கு 29 ராண்ட் வித்தியாசம்.

பே ஸ்லிப்ல ரேட்டும் சாதாரண மணி, ஓவர்டைம் மணியும் போடணும்ங்கிறது இந்தச் சட்டத்துலயே இருக்கு. உன்னோடதுல அது இல்லாததே ஒரு கேள்வி.

---

ஜோபர்க்_குமார்
12 நவம்பர் 2025, இரவு 10.02

அக்கா, ஆனா அவங்க கிளையண்ட் ஆபீஸ்க்கு எல்லாம் போறதில்லையே, ஒரே இடத்துல உக்காந்து வேலை. அப்ப அந்த 1,500 பேருக்குத்தான் டிராவல் அலவன்ஸ், உண்மைல சம்பளம்தான்னு கம்பெனி வாதாடாதா? 22,500 முழுசும் சம்பளம்னா கோட்டுக்கு மேல போயிடுதே.

---

பேரோல்_ராணி
12 நவம்பர் 2025, இரவு 10.25

வாதாடலாம். அப்படி வாதாடினா, மாசா மாசம் டிராவல் அலவன்ஸ்னு பே ஸ்லிப்ல போட்டு வரி ஆபீஸான சார்ஸ்க்கும் அப்படியே காட்டினது ஏன்னு அவங்கதான் பதில் சொல்லணும், அதுவும் அக்கவுண்டிங் ஆபீஸ். நான் இருந்தா அலவன்ஸ்னே எடுப்பேன். வேலைத் தகராறு தீக்குற சிசிஎம்ஏக்கு போனா அங்க இருக்கிற கமிஷனர் எப்படி எடுப்பாருனு உறுதியா சொல்ல மாட்டேன், ஒவ்வொரு கேஸும் வேற. ஆனா மார்ச் முதல் ஆகஸ்ட் வரைக்கும் இந்தச் சிக்கலே இல்ல, அத தனியா வச்சு கேளு.

---

ஃபீனிக்ஸ்_ரமேஷ்
13 நவம்பர் 2025, காலை 9.17

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் தங்கச்சி மகன் ஒரு கடைல அசிஸ்டன்ட் மேனேஜர். 14,200 ராண்ட், ஆறு நாள், 60 மணி நேரம். "நீ மேனேஜர், உனக்கு ஓவர்டைம் கிடையாது"ங்கிறாங்க. மேனேஜர்னா சட்டத்துலயே விதிவிலக்கு இருக்குனு கேள்விப்பட்டேன், அது உண்மையா?

---

பேரோல்_ராணி
13 நவம்பர் 2025, காலை 10.03

விதிவிலக்கு சீனியர் மேனேஜருக்கு. ஆள எடுக்குறது, ஒழுங்கு நடவடிக்கை எடுக்குறது, வேலைய விட்டு அனுப்புறது, முதலாளி சார்பா உள்ளயும் வெளியவும் பேசுறது, இந்த அதிகாரம் எல்லாம் இருக்கணும். அந்தப் பையன் கடைல பேக்கிங்குக்கு ஒரு ஆள வேலைக்கு எடுக்கணும்னா யாரையாவது கேக்கணுமா இல்லையா? கேக்கணும்னா சட்டைல குத்தியிருக்கிற பேட்ஜ்ல மேனேஜர்னு இருக்கிறதுக்கு அர்த்தம் இல்ல. கடைகளுக்குனு செக்டோரல் டிடர்மினேஷன்னு தனி விதிகள் இருக்கு, அவன் மணிக்கணக்க அத வச்சு பாக்கணும், அதனால இங்க நான் தொகை சொல்லல. லேபர் டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல போய் கேக்கச் சொல்லுங்க.

---

பிரிட்டோரியா_செல்வம்
13 நவம்பர் 2025, பகல் 1.30

சரி நான் முந்தாநேத்து சொன்னது பொருந்தல, ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், போற வர்ற நேரத்தையும் சேக்கணும்ல? நான் தினமும் ரெண்டு மணி நேரம் ரோட்ல. அதையும் சேத்தா எல்லாரோட மணிக்கூலியும் இன்னும் கீழ போகும்.

---

ஜோபர்க்_குமார்
13 நவம்பர் 2025, பகல் 1.52

நீங்க வேற வேலைக்கு மாறலாமானு யோசிக்கும்போது சேத்துக்கங்க அண்ணா, நானும் அப்படித்தான் போடுவேன். ஓவர்டைம் கேக்கும்போது சேக்காதீங்க, அது வேலை நேரம் இல்ல. ரெண்டையும் கலந்தா நம்ம கணக்க காட்டினதும் தூக்கிப் போட்டுடுவாங்க.

---

சாட்ஸ்வொர்த்_ஆயா
13 நவம்பர் 2025, மாலை 4.11

லஞ்ச் நேரத்துல ஃபோன் எடுக்கிறது? என் மகள் மேசைலயே சாப்பிடுறா, ஒரு கைல சாண்ட்விச், ஒரு கைல ஃபோன்.

---

பேரோல்_ராணி
13 நவம்பர் 2025, மாலை 5.00

கோட்டுக்கு கீழ இருக்கிறவங்களுக்கு, லஞ்ச்ல வேலை செய்யச் சொன்னா அதுக்கும் காசு குடுக்கணும். ஆனா "சொன்னாங்க"ன்னு காட்டுறது கஷ்டம். பாப்பா கேஸ்ல அத இழுக்காம தெளிவா இருக்கிற சாயந்தர நேரத்த மட்டும் எடுத்தா போதும்னு என் கருத்து. பேங்க்ல இருக்கிற உங்க மகள் பெரும்பாலும் கோட்டுக்கு மேல இருப்பா, முதல்ல அத பாருங்க.

பாப்பா, வாரம் 10னு சராசரி போட்டு 41,600 குடுங்கனு போய் நிக்காத. ஒவ்வொரு வாரமா எண்ணு. சராசரிய ஒரு கேள்வில உடைச்சிடுவாங்க, "அந்த வாரம் நீ லீவுல இருந்தியே"ம்பாங்க, அதோட மத்ததும் நம்பிக்கை போயிடும். முதல்ல ஆபீஸ்லயே எழுத்துல கேளு. குடுக்கலைனா சிசிஎம்ஏ, டர்பன்லயே ஆபீஸ் இருக்கு. கோட்டுக்கு கீழ இருக்கிறவங்க சம்பள பாக்கிக்கு நேரா அங்க போகலாம், 2019ல இருந்து அந்த வழி இருக்கு, ஃபீஸ் கிடையாது. கேட்டதுக்காக உன்னை பழிவாங்கறதையும் சட்டம் தடுக்குது, ஆனா தடுக்குதுங்கிறதும் நடக்காதுங்கிறதும் ஒண்ணு இல்ல, அத யோசிச்சுக்கோ.

---

ஃபீனிக்ஸ்_ரமேஷ்
13 நவம்பர் 2025, மாலை 6.22

காசுக்கு பதிலா லீவு குடுக்குறேன்னா? என் மச்சான் ஆபீஸ்ல டிசம்பர்ல ரெண்டு நாள் முன்னாடி மூடிட்டு அதான் உங்க ஓவர்டைம்ங்கிறாங்க.

---

பேரோல்_ராணி
13 நவம்பர் 2025, மாலை 6.50

ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா குடுக்கலாம். ஆனா ஒரு மணி ஓவர்டைமுக்கு ஒண்ணரை மணி நேர லீவு, சம்பளத்தோட. வாரம் பத்து மணி பாக்குறவளுக்கு மாசத்துல 65 மணி நேரம், ஏழு நாளுக்கு மேல வரும். ரெண்டு நாள் எங்க நிக்குது?

---

கடலோரத்துப்பொண்ணு
16 நவம்பர் 2025, மாலை 5.30

மூணு நாளா எண்ணினேன். எங்க வீட்டுக்காரர் ஃபோன்ல இருந்து ஒவ்வொரு மெசேஜா படிக்க நான் எக்ஸெல்ல போட்டேன். மார்ச் 1ல இருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும். சனிக்கிழமை வேலைய, அன்னிக்கு கிளையண்டுக்கு மெயில் போயிருந்தா மட்டும் சேத்தேன்.

45க்கு மேல வந்தது 231 மணி. சராசரி 10 இல்ல, 9க்கு கொஞ்சம் கீழ. ஆகஸ்ட் கடைசி வாரம் மட்டும் 17 மணி வந்திருக்கு. ஏப்ரல்ல குட் ஃப்ரைடே, ஃபேமிலி டே, ஃப்ரீடம் டேன்னு லீவு வந்த வாரத்துல எல்லாம் மொத்தம் 45ஐ தாண்டல, அதனால பூஜ்யம் போட்டேன். 231 பெருக்கல் 160, 36,960 ராண்ட்.

---

பேரோல்_ராணி
16 நவம்பர் 2025, மாலை 6.05

நல்லா பண்ணியிருக்க. அந்த லீவு வாரத்த மட்டும் திரும்ப பாரு. அஞ்சு நாள் வேலைக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரம்னும் ஒரு எல்லை இருக்கு. வாரம் 45ஐ தாண்டலைனாலும் ஒரு நாள்ல 9ஐ தாண்டினது ஓவர்டைம்தான். நாலு நாள் வாரத்துல நீ ஏழரை வரைக்கும் இருந்திருந்தா அத விட்டுடாத. அதே மாதிரி அந்த 17 மணி வாரம். வாரத்துக்கு 10 மணிக்கு மேல ஓவர்டைம் வாங்கவே கூடாது, அது அவங்க பண்ணின தப்பு, அதனால 17க்கும் காசு உண்டு.

---

கடலோரத்துப்பொண்ணு
16 நவம்பர் 2025, இரவு 7.48

பாத்தேன் அக்கா. அந்த வாரங்கள்ல 7 மணி நேரம் கூடுது. 238 மணி, 38,080 ராண்ட். செப்டம்பர், அக்டோபர தனி ஷீட்ல வச்சிருக்கேன், டிராவல் அலவன்ஸ் பிரச்சனை இருக்கிறதால.

பாஸுக்கு மெயில் எழுதிட்டேன், ஷீட்ட இணைச்சு, "மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஓவர்டைம் கணக்கு, பேசுவதற்கு நேரம் வேண்டும்"னு மட்டும். கோபமா ஒரு வார்த்தை இல்ல. இன்னும் அனுப்பல. நாளைக்கு திங்கள், காலைல ஏழரைக்கு உக்காந்ததும் அனுப்புறேன். என்னோட சேந்த இன்னொரு பொண்ணு 19,500 வாங்குறா, அவளும் என் கூடத்தான் ஏழரை வரைக்கும் இருப்பா, இன்னிக்கு மதியம் அவளுக்கு இந்த இழைய அனுப்பினேன். இப்பதான் பதில் வந்துச்சு, அவ அம்மாவுக்கு தினமும் போட்ட மெசேஜ தேடிக்கிட்டிருக்காளாம்.